"என்னைப் புதைத்துவிடு" என்று கொஞ்சும் பாட்டியை எப்படித் தமிழாக்குவது?

லெபனான் தொடர் ஒன்றுக்குத் தமிழ் வசன வரிகள் எழுதுகிறேன், உதவி வேண்டும். பள்ளியிலிருந்து ஓடிவரும் பேரனைக் கட்டிக்கொண்டு பாட்டி "தொபுர்னி" என்கிறாள். சொல்லுக்குச் சொல், "நீ என்னைப் புதைக்க வேண்டும்". உனக்கு முன்னால் நான் போய்விட வேண்டும், நீ இல்லாத நாளை நான் பார்க்கக் கூடாது என்பதுதான் உள்ளே இருக்கும் வாழ்த்து. அப்படியே எழுதினால் பாட்டி சாபம் விடுவது போல ஆகிவிடுகிறது. "என் ஆயுசையும் சேர்த்து நீ இருக்கணும்" என்று போட்டேன். பொருள் சரி, ஆனால் திரையில் அவள் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாள். "என் ராசா" அளவில் பொருந்துகிறது, சாவு காணாமல் போகிறது. பின்னால் அதே பேரன், "ஏன் எப்பவும் சாவைப் பத்தியே பேசுற?" என்று கேட்கிறானே, அங்கே என்ன செய்வது?

அப்புறம் சாப்பாட்டுக் காட்சி. சமைத்தவளிடம் "தெஸ்லம் இதேய்கி", அதாவது உன் கைகள் நலமாக இருக்கட்டும். துருக்கியில் "எலினே சாலிக்" சொல்வார்களே, அதே வகை. "உன் கைக்குத் தங்க வளையல் போடணும்" என்று எழுதி மகிழ்ந்தேன். அவளோ "உன் கைகளும்" என்று பதில் வாழ்த்துகிறாள். வளையல் அங்கே உடைந்தது!

உங்கள் ஊர்ப் பாட்டிகள் இந்த இரண்டு இடத்திலும் என்ன சொல்வார்கள்?