பிவட் கார்டு போட்டும் பல்லவி ஜி மேஜரில் நிலைக்கவில்லை

சொந்தமாக ஒரு பாட்டு அமைத்துக்கொண்டிருக்கிறேன். கீபோர்டு, நான்கு தாளம், வேகம் 76. சரணம் சி மேஜரில் எட்டு பார், அதன்பின் பல்லவி ஜி மேஜரில். இந்தத் தாவலில் இரண்டு வாரமாகச் சிக்கியிருக்கிறேன்.

முதலில் சி-யிலிருந்து நேராக டி செவன்த் அடித்தேன், வெட்டியது போல இருந்தது. பிறகு ஏ மைனரை பிவட்டாக வைத்தேன். சி-யில் அது ஆறாவது, ஜி-யில் இரண்டாவது. ஏழாவது பாரில் ஏ மைனர், எட்டாவதில் டி செவன்த், அப்புறம் ஜி. அப்போதும் உறுத்தியது. காரணம் மெட்டில்தான் இருந்தது: ஏ மைனர் மேல் பாடும் வரி ஏ, ஜி, எஃப், ஈ என்று இறங்குகிறது. காதில் எஃப் ஒலித்த சூட்டோடு டி செவன்த்தில் எஃப் ஷார்ப் வந்தால் இரண்டும் மோதுகின்றன. பாட்டிலும் எஃப் ஷார்ப் ஆக்கியதும் இணைப்பு வழுக்கிக்கொண்டு போனது. ஈ மைனரையும் பிவட்டாக வைத்துப் பார்த்தேன். மென்மைதான், ஆனால் டி செவன்த்துக்கு இழுக்கும் வேகம் அதில் குறைவு.

மிச்சமிருப்பது பல்லவியின் தொடக்கம். ஜி, சி, ஜி, டி என்று போகிறது. இரண்டாவது பாரில் சி வந்த உடனே காது பழைய வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது, ஜி வெறும் ஐந்தாவது கார்டாகக் கேட்கிறது. அங்கே ஈ மைனர் போட்டால் சரியாகிறது, ஆனால் பல்லவியின் மலர்ச்சி போய்விடுகிறது.

அந்த சி-யை மாற்றாமல், ஜி-யை வீடாகக் காதில் ஊன்ற என்ன செய்யலாம்?