துணி நாப்பியில் மூத்திர நெடி போகவில்லை, ஈரத்தையும் உறிஞ்சவில்லை

ஈஸ்ட் ஹாம்:
மதுரையிலிருந்து வந்து நாலு மாதம் ஆகிறது. பாப்பாவுக்கு 7 மாதம், இருபது துணி நாப்பி இருக்கிறது. முதலில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது காலையில் நாப்பியை அவிழ்த்தால் கண் எரிகிற அளவுக்கு நெடி, பகலில் ஒரு மணி நேரத்திலேயே ஓரத்தில் ஒழுகுகிறது, மஞ்சள் கறை வேறு. குழந்தைத் துணியாச்சே என்று 30 டிகிரியில் அரை மூடி லிக்விட்தான் ஊற்றுகிறேன், மெத்தென்று இருக்கட்டும் என்று சாஃப்ட்னரும் சேர்க்கிறேன். எங்கே தப்பு?

கிளாஸ்கோ:
சோப்பு துணியிலேயே தங்கிவிடுகிறது, அதுதான் காரணம். இன்னும் குறைத்துப் போட்டு இரண்டு தடவை கூடுதலாக அலசுங்கள். எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்தோம், ஒரு வாடையும் வரவில்லை.

ஹாரோ:
என் பையனுக்கு 3 வயது, இரவில் படுக்கையை நனைத்துவிடுகிறான். மெத்தைக்குள் இறங்கிய வாடை போக ஏதாவது வழி உண்டா? வெயிலில் போடலாம் என்றால் வெயிலே இல்லை.

லூட்டன்:
ஹாரோ தம்பி, மெத்தை வேறு கதை, தனியாகக் கேளுங்கள். ஈஸ்ட் ஹாம் தங்கச்சி, கிளாஸ்கோக்காரர் சொன்னது அவர் ஊருக்குச் சரி. அங்கே தண்ணீர் ரொம்ப மென்மை, கொஞ்சம் சோப்பு போட்டாலே நுரைத்துத் தள்ளும். லண்டனிலும் லூட்டனிலும் சுண்ணாம்புத் தண்ணீர். உங்கள் கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிந்திருக்கும் பாருங்கள், அதே படிவு நாப்பி நூலிலும் ஏறுகிறது. டிடர்ஜெண்டில் பாதி அந்தச் சுண்ணாம்போடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும், மூத்திரத்தைக் கழுவ மிச்சம் இருக்காது. அப்படித் தங்கியதைப் பாக்டீரியா சிதைப்பதால் வருவதுதான் அந்த அமோனியா நெடி.

முதலில் ஒரு சோதனை. துவைத்துக் காய்ந்த நாப்பியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே இறங்கினால் துணியில் பூச்சு இல்லை, கோளாறு துவைக்கும் முறையில்தான். முத்து மாதிரி உருண்டு நின்றால் எண்ணெயோ சாஃப்ட்னரோ மேலே படிந்திருக்கிறது.

ஈஸ்ட் ஹாம்:
உருண்டு நிற்கிறது அக்கா! தினமும் குளிப்பாட்டுவதற்கு முன் தேங்காய் எண்ணெய் தேய்க்கிறேன், சிவந்த இடத்தில் வெள்ளைக் க்ரீமும் போடுகிறேன்.

லூட்டன்:
அப்போது இரண்டுமே இருக்கிறது. சாஃப்ட்னரை இன்றே நிறுத்துங்கள், அது நூலின் மேல் மெழுகு மாதிரி படிந்து ஈரத்தை உள்ளே விடாது. எண்ணெயும் க்ரீமும் போடும் நாட்களில் உள்ளே ஒரு லைனர் வையுங்கள். படிந்ததைப் போக்க, பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு சுடுதண்ணீரில் கையால் கசக்கி, நுரை போகும் வரை அலசுங்கள். மெஷினுக்குள் அதை ஊற்றிவிடாதீர்கள், நுரை வழியும்.

இனி துவைக்கும் முறை. ராத்திரி நாப்பியைக் காலையிலேயே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சுடுதண்ணீரை முதலில் ஊற்றினால் மலக்கறை நூலோடு ஒட்டிக்கொள்ளும். வாளியில் ஊறவைக்க வேண்டாம், மூடியில்லாத கூடையில் போட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை துவையுங்கள். 40 டிகிரியில் சின்ன ஓட்டம், பாதி அளவு பவுடர். அப்புறம் 60 டிகிரியில் நீண்ட ஓட்டம், பாக்கெட்டில் கடின நீருக்கும் அதிக அழுக்குக்கும் எவ்வளவு என்று போட்டிருக்கிறதோ அந்த முழு அளவு. லிக்விடில் வெளுக்கும் சரக்கு கிடையாது, பவுடரைத்தான் வாங்க வேண்டும். டிரம் முக்கால்வாசி நிறையட்டும், அப்போதுதான் துணி ஒன்றோடொன்று உரசும். தண்ணீரை மென்மையாக்கும் பொடியும் சேர்க்கலாம். நாப்பிக்கு மேலே போடும் நீர் புகாத கவர்களுக்கு 40 போதும், சூடு ஏறினால் உள்ளே இருக்கும் பூச்சு உரியும்.

மிச்சக் கறையை ஈரத்தோடு வெளிச்சத்தில் காயப்போடுங்கள். மேகமூட்டமாக இருந்தாலும் மங்கும், இரண்டு மூன்று நாள் பிடிக்கலாம். மூத்திரம் இருக்கும் நாப்பியின் மேல் பிளீச் மட்டும் ஊற்றாதீர்கள், அமோனியாவோடு சேர்ந்தால் விஷவாயு வரும்.

கிளாஸ்கோ:
60 டிகிரியில் அடிக்கடி போட்டால் எலாஸ்டிக் தளர்ந்துவிடாதா? வினிகர் போதும் என்கிறார்களே.

லூட்டன்:
வினிகரும் எலாஸ்டிக்கைப் பாழாக்கத்தான் செய்யும். ஈரத்தை உறிஞ்ச உள்ளே வைக்கும் பூஸ்டர் துணியில் எலாஸ்டிக் இல்லாதபோது 60க்கு என்ன பயம்?

ஈஸ்ட் ஹாம்:
பத்து நாள் ஆகிவிட்டது. சொட்டு இப்போது உடனே இறங்குகிறது, பகலில் ஒழுகல் நின்றுவிட்டது. ராத்திரி நாப்பியில் லேசான வாடை இன்னும் இருக்கிறது, ஆனால் கண் எரியவில்லை. சிவப்பு ஒரு பக்கம் ஆறவில்லை, வியாழக்கிழமை ஹெல்த் விசிட்டரிடம் காட்டப்போகிறேன். என்சைம் சேர்த்த பயோ பவுடரா, அது இல்லாத நான்-பயோவா என்று வீட்டில் இன்னும் தகராறு. அக்கா, நீங்கள் எதைப் போடுகிறீர்கள்?

லூட்டன்:
நான் பயோ. என் மகளுக்கு ஒத்துக்கொண்டது, தங்கை மகனுக்குத் தடித்துவிட்டது. இரண்டு நாப்பியை மட்டும் பயோவில் துவைத்துக் கட்டிப் பாருங்கள்.