கடைசிச் சீரில் ஓர் ஐயம்

வணக்கம். மகள் இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் தமிழ் இலக்கியம் படிக்கிறாள். பாடநூல் வாய்பாட்டு அட்டவணையை வைத்து முதல் குறளை அலகிட்டுப் பார்த்தோம்.

‘அகர’, ‘முதல’ இரண்டும் நிரை நேர், புளிமா. ‘எழுத்தெல்லாம்’ புளிமாங்காய், அடுத்து ‘ஆதி’ நேரில் தொடங்குவதால் காய்முன் நேர், வெண்சீர் வெண்டளை. மற்ற இடங்களிலெல்லாம் மாமுன் நிரைதான். தளை எங்கும் தட்டவில்லை.

சிக்கல் ‘உலகு’. பிரித்தால் உல/கு, நிரை நேர், அதாவது புளிமா. ஆனால் ஈற்றுச்சீர் என்பதால் அட்டவணை நிரைபு, ‘பிறப்பு’ என்கிறது. ‘கு’ குற்றியலுகரம், அதனால் தனி அசையாக எண்ணவில்லை என்று புரிகிறது. சரி, ஈற்றில் ‘கதவு’ போல முற்றியலுகரச் சொல் வந்தால்? அதையும் பிறப்பு என்று கொள்ளலாமா, வெண்பா கெடுமா? யாப்பு தெரிந்தவர்கள் ஓர் எடுத்துக்காட்டோடு சொன்னால் உதவியாக இருக்கும்.