அவசரம்: அக்காவுக்கு அனுப்பிய தீபாவளி ஸ்வீட் பார்சல் 5 நாளாக நகரவில்லை

வேளச்சேரி_மீனா:
ஆன்லைனில் ஆர்டர் போட்டு அக்கா வீட்டுக்கு ஸ்வீட் அனுப்பினேன். கடை தி.நகரில் இருக்கிறது, வெளிநாட்டுக்கும் அனுப்புகிறவர்கள். 7 நாளில் போய்விடும் என்று போட்டிருந்தார்கள். 5 நாளாக டிராக்கிங்கில் கஸ்டம்ஸ் என்றே நிற்கிறது. தீபாவளிக்கு இன்னும் 11 நாள்தான். கடைக்குப் போன் செய்தால் "வெயிட் பண்ணுங்க மேடம்" என்கிறார்கள். அக்காவுக்கு இது குழந்தை பிறந்த பிறகு வரும் முதல் தீபாவளி, அம்மாவாலும் போக முடியவில்லை. என்ன செய்யலாம்? யாராவது சொல்லுங்கள்.

அண்ணாநகர்_கார்த்தி:
எந்த நாடு? பெட்டிக்குள் என்னென்ன? தபாலா, கூரியரா? இந்த மூன்றும் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

நங்கநல்லூர்_மாமா:
கவலைப்படாதேம்மா. என் பையன் டல்லாஸில் இருக்கிறான். ஐந்து வருஷமாகப் பால்கோவா, அல்வா எல்லாம் அனுப்புகிறேன். ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை. கஸ்டம்ஸில் நாலு நாள் நிற்பது சகஜம். பெட்டி மேல் "கிஃப்ட்" என்று எழுதியிருந்தால் விட்டுவிடுவார்கள்.

பழைய_உறுப்பினர்:
வருஷா வருஷம் ஐப்பசி வந்தால் இதே கேள்வி. பணம் கட்டுவதற்கு முன்னால், போகிற நாட்டின் விதியைப் பத்து நிமிடம் படித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் வர வேண்டும்.

வேளச்சேரி_மீனா:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். மெல்போர்ன். நெய் மைசூர்பாகு 1 கிலோ, பால்கோவா அரை கிலோ, கைமுறுக்கு அரை கிலோ, ரிப்பன் பக்கோடா கொஞ்சம். எல்லாம் ஒரே பெட்டி. டிராக்கிங் எண் EE என்று ஆரம்பித்து IN என்று முடிகிறது.

பார்சல்_பாண்டியன்:
பாரிமுனையில் 14 வருஷமாக வெளிநாட்டு பார்சல் புக்கிங் பார்க்கிறேன். மீனாம்மா, உங்கள் எண் தபால் வழி ஸ்பீட் போஸ்ட் எண். அதே எண்ணை ஆஸ்திரேலியத் தபால் துறையின் தளத்திலும் போட்டுப் பாருங்கள். இங்கே விமானம் ஏறும் முன் நிற்கிறதா, அங்கே இறங்கிய பிறகு நிற்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். இங்கேயே நின்றால் கடைக்காரர் திரும்ப எடுக்க முயற்சி செய்யலாம். அங்கே நின்றால் காரணம் அநேகமாகப் பால்கோவாதான்.

மாமா அனுப்புவது அமெரிக்காவுக்கு, அங்கே அவருக்குத் தடையில்லாமல் போயிருக்கிறது. ஆஸ்திரேலியா வேறு. மாட்டுக்கு வரும் கோமாரி நோய் அங்கே 1872க்குப் பிறகு வந்ததில்லை. நம் நாட்டில் அது இருக்கிறது. அதனால் இங்கிருந்து போகும் பால் பொருளை எல்லையிலேயே தடுக்கிறார்கள். அன்பளிப்பா வியாபாரமா என்ற கேள்வி வரியோடு முடிந்துவிடும்; நோய்க்கான சோதனையில் "கிஃப்ட்" என்ற சொல்லுக்கு மதிப்பே இல்லை. காலாவதித் தேதி, சீல், பேக்டரி பேக்கிங் இருந்தாலும் பால்கோவா பால்கோவாதான்.

அண்ணாநகர்_கார்த்தி:
மைசூர்பாகில் பால் ஏது? கடலைமாவு, சர்க்கரை, நெய். நெய்யைக் காய்ச்சித்தானே எடுக்கிறோம், அதில் கிருமி எப்படி இருக்கும்?

பார்சல்_பாண்டியன்:
தம்பி, நெய்யும் பாலிலிருந்து வந்ததுதான். கடையில் செய்து பேக் செய்த பண்டத்தில் பால் சேர்ந்த பொருள் 10 சதவீதத்துக்குள் இருந்தால் விடுவார்கள். பிஸ்கட் அதில் தப்பிக்கும். நல்ல நெய் மைசூர்பாகைக் கையில் எடுத்தாலே விரலில் நெய் ஒட்டுகிறதே, அது 10 சதவீதமா?

அண்ணாநகர்_கார்த்தி:
என் நண்பன் போன வருஷம் சிட்னிக்கு மைசூர்பாகு கொண்டுபோனான். விமானப் பயணிகள் நிரப்பும் கார்டில் எழுதிக் காட்டினான், பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

பழைய_உறுப்பினர்:
ஒரு நண்பர் தப்பித்தது விதியாகாது. ஆஸ்திரேலிய வேளாண் துறையின் BICON என்ற இறக்குமதி விதித் தளத்தில் பொருள் வாரியாக நிபந்தனை இருக்கிறது. அதைப் படியுங்கள்.

நங்கநல்லூர்_மாமா:
இவ்வளவு கெடுபிடி என்றால் பில்லில் "டிரை ஸ்நாக்ஸ்" என்று பொதுவாகப் போட்டால் போகிறது. எங்கள் தெருவில் பல பேர் அப்படித்தான் அனுப்புகிறார்கள்.

டான்டினாங்_சித்ரா:
மாமா, தயவுசெய்து அந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். நான் மெல்போர்னில்தான் இருக்கிறேன். மாமியார் அனுப்பிய பெட்டியில் திரட்டுப்பால் இருந்தது, மேலே வெறும் "ஸ்நாக்ஸ்" என்று எழுதியிருந்தது. பெட்டி வரவில்லை, என் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. என் செலவில் திருப்பி அனுப்பலாம், இல்லையென்றால் அழிக்கச் சம்மதிக்க வேண்டும். திருப்பி அனுப்பும் செலவு இனிப்பின் விலையைவிட அதிகம். அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மாமியாரிடம் "ரொம்ப நன்றாக இருந்தது அம்மா" என்று சொன்னதை இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது. எழுதியதும் உள்ளே இருப்பதும் வேறாக இருந்தால், அலைச்சல் வாங்குகிறவருக்கும் வரும். கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

மீனா, கடையிடம் பெட்டியில் ஒட்டிய சுங்கப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பால்கோவா என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள்.

நங்கநல்லூர்_மாமா:
போய்ச் சேரும் என்று சொன்னார்களே தவிர, இப்படி நோட்டீஸ் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சரி, சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் கூரியரில் அனுப்பியிருந்தால் சீக்கிரம் போயிருக்கும் அல்லவா?

பார்சல்_பாண்டியன்:
சீக்கிரம் போய் அதே சோதனையில் சீக்கிரம் நிற்கும். செலவும் பார்க்க வேண்டும். கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. முறுக்கு உடையக்கூடாது என்று பெரிய பெட்டி போடுவோம்: 40, 30, 20 செ.மீ. என்றால் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள், 4.8 வரும். உள்ளே 2 கிலோ இருந்தாலும் 5 கிலோவுக்குக் காசு.

அண்ணாநகர்_கார்த்தி:
அது பகல் கொள்ளை. காற்றுக்குக் காசா?

பார்சல்_பாண்டியன்:
விமானத்தில் காற்றும் இடம் பிடிக்கிறதே தம்பி. இதை வேறு இழையில் பேசலாம்.

வேளச்சேரி_மீனா:
எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கேதான் நிற்கிறது. கடை படிவத்தின் படம் அனுப்பியது. "இண்டியன் ஸ்வீட்ஸ் அண்ட் சேவரீஸ்" என்று மட்டும் இருக்கிறது. இனி என்ன?

டான்டினாங்_சித்ரா:
பொய் இல்லை, அந்த வரைக்கும் நல்லது. அந்தப் பெட்டியை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். இங்கே டான்டினாங்கில் இனிப்புக் கடைகள் இருக்கின்றன, சிட்னி பக்கம் ஹாரிஸ் பார்க்கில் நிறைய. ஆன்லைனில் ஆர்டர் எடுத்து உள்ளூரிலேயே அனுப்புகிற கடை பாருங்கள். பால் இங்கத்தியது, எல்லையே தாண்ட வேண்டாம், பால்கோவாவும் போகும். தீபாவளி வாரத்தில் ஆர்டரை முன்னாடியே மூடிவிடுவார்கள், அதைப் பாருங்கள். பகல் 12 மணிக்குள் போட்டால் அன்றே அனுப்புவோம் என்றிருந்தால், இப்போது உங்களுக்கு அது காலை 6:30. அக்காவின் யூனிட் எண்ணும் அங்கத்திய போன் எண்ணும் கட்டாயம்.

வேளச்சேரி_மீனா:
கடை கிடைத்தது. பணம் கட்டும்போது கார்டு இரண்டு தடவை ஏற்கவில்லை.

அண்ணாநகர்_கார்த்தி:
வங்கி ஆப்பில் கார்டு செட்டிங்கில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கும். 2020லிருந்து புதுக் கார்டு அப்படித்தான் வருகிறது. அதை ஆன் செய்து, வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

வேளச்சேரி_மீனா:
போய்விட்டது. செவ்வாய் டெலிவரி என்று மெயில் வந்திருக்கிறது. இதிலும் கடை முறுக்குதான், அம்மா செய்தது இல்லை. பழைய பெட்டி இன்னும் அங்கேயே. எல்லாருக்கும் நன்றி.

பார்சல்_பாண்டியன்:
நோட்டீஸ் வந்தால் இங்கே சொல்லுங்கள். அம்மா செய்யும் முறுக்கை அடுத்த முறை எண்ணெயில் சுட்டதாக, வெண்ணெய் சேர்க்காமல், தனிப் பெட்டியில் என்ன ஏது என்று எழுதி முயற்சி செய்யலாம். வீட்டில் செய்ததற்குக் கேள்வி அதிகம், BICON பார்த்துவிட்டுத்தான்.