புதுப்பிப்பு: நண்பர் மூலம் லீவு சொன்ன விஷயம்

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: "காய்ச்சல், எழவே முடியல. பக்கத்து சீட் நண்பர்கிட்ட மேனேஜருக்குச் சொல்லச் சொன்னேன். அப்படியும் சம்பளம் பிடிச்சிட்டாங்க. இது சரியா?"

நேற்று மேனேஜரிடம் பேசினேன். காலை 7.40க்கு நண்பருக்கு நான் அனுப்பியது, "காய்ச்சல், இன்னிக்கு வரல, நாளைக்கும் சந்தேகம்தான்." அவர் ஸ்டாக் எண்ணும் வேலையில் இருந்துவிட்டு, 11 மணிக்கு மேல் வராந்தாவில் மேனேஜரைப் பார்த்தபோது "அவன் வரமாட்டான் சார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். காய்ச்சலும் போயிற்று, நாளையும் போயிற்று. "பில் யார் போடுவது?" என்று மேனேஜர் கேட்டதற்கு நண்பரால் என்ன சொல்ல முடியும், பாவம். அதனால் இரண்டாம் நாள் தகவல் இல்லாத விடுப்பாகிவிட்டது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்களில், ஹெச்ஆரில் இருக்கும் அக்கா சொன்னதுதான் சரி: மேனேஜர் போனில் என் பெயரில் ஒரு வரி இருந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் செல்லாது என்றவர் சொன்னது பாதி சரி. எங்கள் ஆபீஸில் செல்லும், ஆனால் திரும்பியதும் விண்ணப்பமும் போட வேண்டும். தோழி தனக்காகப் பஞ்ச் போட்ட கதையைச் சொன்னவருக்கு: அது வேறு விஷயம், அதில் இருவர் வேலையும் போகலாம்.

இனி ஷிஃப்டுக்கு முன்பே மேனேஜருக்கு நேராக அனுப்பப் போகிறேன்: "சார், காய்ச்சல் 102. இன்று வர இயலாது. நாளை பற்றி மாலை 6க்குள் சொல்கிறேன். பாக்கி பில்கள் மேசையின் மேல் டிராயரில்." பதில் வராவிட்டால் போன். என்னால் முடியாவிட்டால் வீட்டிலிருந்து பேசுவார்கள். நண்பரிடம் வேலையை மட்டும் ஒப்படைப்பேன்.

மருத்துவச் சான்றிதழ் கொடுத்ததில் முதல் நாள் சம்பளம் திரும்ப வருகிறது. இரண்டாம் நாளுக்கு இன்னும் பதில் இல்லை.