வாயில் வெள்ளைத் திட்டு: முதல் பயாப்ஸியில் ஒன்றும் இல்லை என்றார்கள்

செந்தூல் மகள்

அம்மாவுக்கு இடது கன்னத்தின் உட்பக்கம். புகையிலை அதக்குகிற அதே இடம். வெற்றிலை போடுகிறவர்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு எந்த இடத்தைச் சொல்கிறேன் என்று தெரியும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளம். அம்மாவுக்கு 63 வயது. தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போன காலத்திலிருந்து போடுகிறார், இரவில் புகையிலைத் துண்டை அதக்கிக்கொண்டே தூங்கிவிடுவார்.

முதலில் பார்த்தது நான்தான். பல் வலி என்றார், கைப்பேசி வெளிச்சத்தை வாய்க்குள் அடித்தேன். 20 காசு அளவுக்கு வெள்ளையாக, கொஞ்சம் தடித்து, காய்ந்த சுண்ணாம்பு பூசிய மாதிரி இருந்தது. சுண்ணாம்பு சுட்டிருக்கும் என்று நானே சொல்லிவிட்டேன். வலி இல்லையென்று அவரும் விட்டுவிட்டார். நாலு மாதம் அப்படியே போனது.

பல் பிடுங்கப் போன இடத்தில்தான் டாக்டர் அதைப் பிடித்தார். துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. கூராக இருந்த பல்லை ராவிவிட்டு, புகையிலையை நிறுத்திவிட்டு இரண்டு வாரத்தில் வரச் சொன்னார். போனோம். திட்டு அப்படியே இருந்தது. பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டு, பச்சரிசியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு துண்டை எடுத்து இரண்டு தையல் போட்டார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. துண்டை ஒரு சின்னப் புட்டியில் போட்டதை அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. மேல்தோல் தடித்திருக்கிறது, டிஸ்பிளேசியா, அதாவது பின்னால் புற்றாக மாறக்கூடிய செல் மாற்றம், இல்லை. அன்றைக்குப் பாயசம் வைத்தேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது. அந்த வாரமே அம்மா புகையிலையைத் திரும்ப எடுத்தார். நானும் தடுக்கவில்லை, கையில் நல்ல ரிப்போர்ட் இருந்ததே.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. வேறொரு டாக்டர், சின்னப் பெண். கன்னத்தை வெளியே இழுத்து, எச்சிலை ஒற்றி எடுத்து உலர்த்திவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அம்மா, இந்தப் பின்பக்கம் முன்னாடி யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டார். வெள்ளைக்குப் பின்னால், கடைசிப் பல்லுக்குப் பக்கத்தில், உளுந்து அளவுக்கு ஒரு சிவப்பு. வெல்வெட் துணி மாதிரி. எச்சில் ஈரத்தில் பக்கத்துச் சதையோடு சேர்ந்து தெரியாமலே இருந்திருக்கிறது. முதல் துண்டை முன்பக்கத்து வெள்ளையில் எடுத்திருந்தார்கள். இந்த முறை இரண்டு துண்டு. வெள்ளையில் எடுத்ததில் பழைய பதிலே வந்தது. சிவப்பில் எடுத்ததில் கடுமையான டிஸ்பிளேசியா.

திட்டு முழுவதையும் மயக்கம் கொடுத்து வெட்டி எடுத்தார்கள். எடுத்த சதையைப் பரிசோதித்தபோது அந்தச் சிவப்புக்கு அடியில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் புற்று இறங்கியிருந்தது. ஓரங்கள் சுத்தம், கழுத்தில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம், ஸ்கேனும் கண்காணிப்பும் போதும் என்றார்கள். எட்டு மாதம் ஆகிறது. அந்த முதல் ரிப்போர்ட் பொய் இல்லை என்று புரிகிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை. இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

தோட்டத்துப் பேரன்

அக்கா, அம்மா நல்லபடியாக இருக்கட்டும். ஆனால் படிக்கிறவர்கள் பயந்துவிடக் கூடாது என்று எழுதுகிறேன். வெள்ளைத் திட்டு எல்லாமே புற்று ஆகிவிடாது. பெரும்பாலானவை அப்படியே இருந்துவிடும், சிலருக்குப் போடுவதை நிறுத்தினால் மறைந்தும்விடும். என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருந்தவர். 90 வயது வரை வெற்றிலை போட்டார், வாயில் ஒன்றும் வரவில்லை. அவர் புகையிலை சேர்க்க மாட்டார். வெறும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புதான். புகையிலைதான் விஷம், பாக்கு செரிமானத்துக்கு நல்லது.

இன்னொன்று. பெரியப்பாவுக்குக் கன்னத்தில் கட்டி வந்து துண்டு எடுத்தார்கள், ஆறு மாதத்தில் போய்விட்டார். கத்தி பட்டதும் அது கிளம்பிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் இன்றுவரை அதில் சந்தேகம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பட்டர்வொர்த்

தங்கச்சி, உங்கள் அம்மாவுக்கு நடந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆண்டு சரியாக நினைவில் இல்லை, செபராங் பிறை பக்கம் ஒரு தோட்டம். பல் மருத்துவக் குழுவோடு நர்ஸாகப் பெண்களின் வாயைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு பாட்டி வாய் முழுக்கச் செங்கறையோடு வந்தார். துணியால் துடைத்தால் பழுப்பு ஏடு உரிந்து வந்தது. அது வெற்றிலைச் சாறும் செத்த தோலும் சேர்ந்து ஒட்டுவது, அதற்குப் பயமில்லை. ஏடு உரிந்த பிறகு அடியில் ஒரு சிவப்பு. நான் அதைப் புண் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். கூட வந்த டாக்டர்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அன்றிலிருந்து வெள்ளையைப் பார்த்தால் பக்கத்தில் சிவப்பைத் தேடுகிற பழக்கம் வந்தது.

துண்டு எடுப்பவர் ரொம்ப மோசமாகத் தெரிகிற இடத்தில் எடுக்க வேண்டும். சிவந்த இடம், கரடுமுரடான இடம், தொட்டால் கெட்டியாக இருக்கிற இடம். திட்டு பெரிதாகவோ பலவிதமாகவோ இருந்தால் ஒன்றுக்கு மேல் எடுப்பார்கள். ரிப்போர்ட் சொல்வது அந்த அரிசியளவு துண்டைப் பற்றி மட்டும்தான், மிச்சக் கன்னத்தைப் பற்றி அது வாய் திறக்காது. அதனால் ரிப்போர்ட் வந்ததும் "டாக்டர், எந்த இடத்தில் எடுத்தீர்கள், மிச்சம் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். நல்ல ரிப்போர்ட் வந்த பிறகும் மறுபரிசோதனைக்கு வரச் சொல்வது இதனால்தான். நீங்கள் அந்த மூன்றாம் மாதம் போனீர்களே, அதுதான் அம்மாவைக் காப்பாற்றியது.

தோட்டத்துப் பேரன் தம்பி, முதலில் சொன்னது சரி. எல்லாத் திட்டும் மாறாது. ஆனால் எது மாறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது, துண்டு எடுப்பதே அதற்காகத்தான். பாக்கு விஷயத்தில் நீங்கள் சொல்வது தவறு. புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வகைப்படுத்திவிட்டது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து கூடும், அவ்வளவுதான். பெரியப்பாவுக்குக் கத்தியால் பரவவில்லை. துண்டு எடுக்கும்போதே அது கட்டியாக இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நோய் முற்றிய பிறகு வந்தவர்களுக்குத்தான் பயாப்ஸி முடிந்த கையோடு மரணம் வருகிறது, பார்க்கிறவர்கள் கத்தியைக் குற்றம் சொல்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு ஓடிப்போன பெண்களை வீடு வீடாகத் தேடிப் போயிருக்கிறேன் தம்பி. ஒருவர் திரும்பி வந்தபோது வாயைத் திறக்க முடியவில்லை, கழுத்தில் நெறி கட்டியிருந்தது.

வீட்டில் பார்க்கிறவர்களுக்கு: முதலில் பல்செட்டைக் கழற்றுங்கள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். இரண்டு கன்னம், உதட்டின் உட்புறம், ஈறு, நாக்கின் இரண்டு ஓரம், நாக்குக்கு அடியில். சாறு எந்தப் பக்கம் தேங்குமோ அந்தப் பக்கத்தை இரண்டு முறை பாருங்கள். இரண்டு வாரத்தில் போகாத வெள்ளை, சிவப்பு, புண் எதுவானாலும் பல் கிளினிக்குக் கூட்டிப் போங்கள். வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

லோரிக்காரன்

நானும் இதையே கேட்க இருந்தேன். எனக்கும் கன்னம் வெள்ளைதான், ஆனால் திட்டாக இல்லை, இரண்டு பக்கமும் முழுசாக வெளுத்துப்போய் மார்பிள் கல் மாதிரி. கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் இரவு ஓட்டம், தூக்கம் வராமல் இருக்க இனிப்புப் பாக்குப் பொட்டலம் போடுவேன், ஒரு ஓட்டத்துக்கு ஏழெட்டு. வெற்றிலையும் இல்லை, புகையிலையும் இல்லை. ஒரு வருடமாகச் சம்பால் வாயில் வைத்தால் நெருப்பு. போன மாதம் ரொட்டி சானாய் கடைசி வாயை மடித்து உள்ளே தள்ளப் பார்த்தேன், வாய் திறக்கவில்லை. பக்கத்தில் சாப்பிட்டவர் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இப்போது இரண்டு விரல்தான் போகிறது. வயது 38. எனக்கும் சிவப்பு இருக்கிறதா என்று தேட வேண்டுமா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பட்டர்வொர்த்

தம்பி, உங்களுடையது வேறு. திட்டு இல்லை, தோலுக்கு அடியில் நார் கட்டி இறுகுவது. அது பெரும்பாலும் பாக்கால்தான் வரும், வெறும் பாக்கே போதும். மூன்று விரல் போக வேண்டிய வாய் இரண்டு விரலுக்கு வந்துவிட்டது. இன்றைக்கே பாக்கை நிறுத்துங்கள். இறுகினது தானாக இளகாது, ஆனால் மேலே இறுகாமல் பார்த்துக்கொள்ளலாம், வாய் திறக்கும் பயிற்சியும் சொல்லித் தருவார்கள். இதிலும் பின்னால் புற்று வரலாம், அதனால் சிவப்பும் புண்ணும் தேடத்தான் வேண்டும். வாய் இதைவிட மூடிவிட்டால் உள்ளே கண்ணாடி விட்டுப் பார்ப்பதே கஷ்டம். ஓட்டம் இல்லாத முதல் நாளே போங்கள்.

ஆயர் ஈத்தாம் பேத்தி

மிஸ்ஸி சொல்வதை மதிக்கிறேன், ஒரு விஷயத்தில் மட்டும் என் அனுபவம் வேறு. அம்மாச்சிக்கு லேசான டிஸ்பிளேசியா. காத்திருக்க வேண்டாம் என்று நாங்கள்தான் கெஞ்சி லேசரில் முழுவதும் எடுக்க வைத்தோம். இரண்டு வருடத்தில் நாக்கின் ஓரத்தில், அந்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், புதிதாக வந்தது. இந்த முறை புற்றாகவே. எடுத்தாயிற்று, இனி கவலையில்லை என்று நினைத்து நாங்கள் மறுபரிசோதனையை விட்டிருந்தோம். டாக்டரிடம் கேட்டேன். எடுத்தால் புற்று வராது என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது, வாய் முழுக்க அத்தனை வருடம் அந்தச் சாற்றில் ஊறியிருக்கிறது என்றார். அப்படியானால் லேசான நிலையில் எடுப்பதா, பார்த்துக்கொண்டிருப்பதா? எனக்கு இன்னும் தெளிவில்லை.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பட்டர்வொர்த்

அதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை அம்மா. கடுமையானதை எடுப்பார்கள். லேசானதில் இடம், அளவு, நிறம், பழக்கத்தை விட்டாரா என்றெல்லாம் பார்த்து ஆளுக்கு ஆள் முடிவு மாறும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மறுபரிசோதனை நிற்கக் கூடாது.

தோட்டத்துப் பேரன்

மிஸ்ஸி, பாக்கைப் பற்றி நீங்கள் சொன்னதை வீட்டில் படித்துக் காட்டினேன். அம்மா பாட்டியின் வழியில் வெறும் பாக்குதான் போடுகிறார். வாயைக் காட்டச் சொன்னால் காட்ட மாட்டேன் என்கிறார். பெரியப்பாவைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செந்தூல் மகள்

எல்லோருக்கும் நன்றி. மிஸ்ஸி, எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்ற அந்த ஒரு கேள்வி அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போயிற்று.

அம்மா புகையிலையை விட்டுவிட்டார். பாக்குவெட்டியும் சின்ன உரலும் இன்னும் அலமாரியில் இருக்கின்றன, தூக்கிப் போட மனம் வரவில்லை, அவருடைய அம்மா கொடுத்தது. போன வாரம், "புகையிலை இல்லாமல் ஒரே ஒரு வாய் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார். தோட்டத்துப் பேரன் சொன்னதை நானும் நம்பிக்கொண்டிருந்தவள்தான், சரி என்று சொல்ல வாய் வந்தது. இதைப் படித்த பிறகு ஏலக்காய் வாங்கி வந்து அவருடைய வெற்றிலைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படம் எடுத்து வைக்கிறேன். நேற்று எடுத்ததில் வலது கன்னத்தில் பல் கடிபடுகிற உயரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. போன மாதப் படத்திலும் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன், இருக்கிற மாதிரியும் தெரிகிறது, இல்லாத மாதிரியும் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சின்ன டாக்டரிடம் போகிறோம். இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.