புதுப்பிப்பு: அகலப் படத்தில் உடைந்த அடிவானம்

"12000 பிக்சல் அகலக் கடற்காட்சியைத் துண்டு துண்டாக ஓவியப் பாணிக்கு மாற்றினால் அடிவானம் படிபோல உடைகிறது, வானம் துண்டுக்கொரு நிறமாகிறது. என்ன செய்யலாம்?" என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

பெரும்பகுதி சரியாகிவிட்டது. துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அதிகம் படியவிடச் சொன்னார் ஒருவர். தையல் மறைந்தது, நிறவேறுபாடு போகவில்லை. காரணத்தைச் சொன்னது இன்னொருவர்: வானம் மட்டும் உள்ள துண்டுக்குப் பக்கத்தில் கடல் இருப்பது தெரியாது, தனக்குள் இருப்பதை வைத்தே நிறத்தை முடிவு செய்கிறது.

அதனால் முழுப் படத்தையும் 2000 பிக்சலுக்குச் சுருக்கி ஒரே தடவையில் மாற்றினேன். அப்புறம் பெரிதாக்கி, துண்டு துண்டாக, பாணி மாற்றத்தின் வலிமையைக் குறைத்து, நுணுக்கம் மட்டும் சேர்த்தேன். அசலைப் பாதி ஒளிபுகும் அடுக்காக மேலே வைத்தபோது அடிவானம் ஒரே கோடாகப் பொருந்தியது.

தன் கைப்பேசி அகலப் படத்தில் அடிவானம் வில்லாக வளைவதாகச் சொன்னவருக்கு: அது படங்களைத் தைத்தபோதே வந்த வளைவு. பாணி ஏற்றும் முன்பே நேராக்குங்கள்.

இடது ஓரத்தில் தூரிகைக் கீற்றுகள் மட்டும் இன்னும் தடிப்பாகவே உள்ளன.